பச்சைக் கோடு போடாத கடிதம்

"முடியாதுன்னு யாரு சொன்னது?"

பாலுசாமி ஃபேக்ஸ் தாளின் மொழிபெயர்ப்பை மேஜைமேல் போட்டார். போட்ட வேகத்தில் பேப்பர் வெயிட் உருண்டு கீழே விழுந்தது.

1995, பிப்ரவரி 11. சனிக்கிழமை. மதியம் மூன்று மணி.

அவினாசி ரோட்டில் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். கருமத்தம்பட்டித் தறிகளில் நெய்யும் மேஜைவிரிப்புகளை பிரான்சுக்கு அனுப்பும் கம்பெனி. முதலாளி பாலுசாமி. பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆள், பாண்டிச்சேரியில் படித்துவிட்டு வந்த மெர்சி.

"படிங்க அம்மணி, நீங்களே படிங்க. மார்ச்சுக்கு முன்னாடி உங்களால சரக்குத் தர முடியாதுங்கறதைப் புரிஞ்சுக்கிட்டோமாம். நாம எப்பங்க முடியாதுன்னோம்? சரக்கு பேக் ஆகி நிக்குது. எவனோ போட்டுக் குடுத்திருக்கானா?"

மெர்சி மூல ஃபேக்ஸை எடுத்தாள். *Nous comprendrions que vous ne puissiez pas livrer avant mars.*

கண் ஒரு சொல்லில் போய் நின்றது. puissiez.

'முடியாது' என்று அடித்துச் சொல்வதானால் அங்கே pouvez இருக்க வேண்டும். puissiez என்றால் முடியாமல் போகலாம், போகாமலும் இருக்கலாம். எதுவும் இன்னும் நடக்கவில்லை. முன்னால் நிற்கும் comprendrions-ம் 'புரிந்துகொண்டோம்' இல்லை. 'அப்படி ஆனால் புரிந்துகொள்வோம்'.

"சார், தப்பு என்னோடது. ஒருவேளை மார்ச்சுக்கு முன்னாடி உங்களால தர முடியாமப் போனாலும் நாங்க புரிஞ்சுக்குவோம்னு எழுதியிருக்காங்க. பெருந்தன்மையா எழுதியிருக்காங்க. யாரும் எதுவும் சொல்லலை."

"அட." பாலுசாமி நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப சரக்கு இந்த மாசமே வருதுன்னு ஃபேக்ஸ் அடிச்சு உடுங்க. நல்லவேளை, கேட்டுப்போட்டேன். கேக்காம இருந்திருந்தா?"

மெர்சியின் காதில் அவருடைய முதல் கேள்வியே நின்றது. 'யாரு சொன்னது?' இந்தக் கேள்வியை இதே அறையில், இதே மேஜைக்கு எதிரே நின்று, மூன்று வாரத்துக்கு முன்னால் இன்னொருவரும் கேட்டிருந்தார்.

பாவாத்தாள்.

கருமத்தம்பட்டித் தறிக்கூடத்தில் தார் சுற்றுகிறவர், அதாவது நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் நூல் சுற்றித் தருகிறவர். நாற்பது வயது. பதினெட்டு வயதில் பெற்ற பெண் குழந்தையைக் கோவையில் ஒரு காப்பகத்தில் விட்டுவிட்டு, பால் கட்டிய மார்போடு பஸ் ஏறி ஊர் திரும்பியவர். குழந்தையைப் பிரான்சில் யாரோ தத்து எடுத்துப் போனார்கள் என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது. இருபத்திரண்டு வருடம் கழித்து, காப்பகத்துப் பதிவேட்டில் குழந்தையை விட்டுச் சென்றவர் என்று மட்டும் இருந்த பெயரையும் ஊரையும் நம்பி ஒரு கடிதம் வந்தது. எலோடி என்று கையெழுத்து.

அந்தக் கடிதத்தை மெர்சிதான் படித்துச் சொன்னாள். இரண்டு ஆர்டர்களுக்கு நடுவே. பத்தே நிமிடத்தில்.

கேட்டு முடித்த பாவாத்தாள் மெதுவாகக் கேட்டார்: "அவளுக்கு இதை யாருங்க சொன்னது?"

அன்றைக்கு மெர்சி உதட்டைப் பிதுக்கினாள். அவ்வளவுதான்.

அந்த அலுவலகத்தில் பிரெஞ்சு எந்தத் தாளில் வந்தாலும் ஒரு நகல் எடுத்து ஃபைலில் போடுவது வழக்கம். மெர்சி ஜனவரி ஃபைலை இழுத்தாள். நகலைப் பிரித்தாள். *Je comprendrais que ma mère ne veuille pas me voir.*

அன்றைக்கு அவள் சொன்னது இது: 'என் அம்மா என்னைப் பார்க்க விரும்பவில்லை என்பதைப் புரிந்துகொள்கிறேன்.'

'விரும்பவில்லை' என்று அடித்துச் சொல்லும் veut இல்லை. 'விரும்பாமல் போனாலும்' என்னும் veuille.

கல்லூரியில் படித்தபோது அவளிடம் ஒரு பச்சைப் பென்சில் இருந்தது. ஆசை, பயம், சந்தேகம், காத்திருப்பு என்று மனசைச் சொல்லும் வினை எங்கே வந்தாலும் முதலில் அதன்கீழ் ஒரு கோடு. அப்புறம் நம் 'என்று' மாதிரி இரண்டு வாக்கியத்தை இணைக்கும் que-யைத் தாண்டிப் போய் அங்கே நிற்கும் வினைக்கு இன்னொரு கோடு. மொழிபெயர்ப்பு அதற்குப் பிறகுதான். பிரெஞ்சுக்காரர்களுக்கு நடந்ததைச் சொல்ல ஒரு வடிவம்; நடக்கட்டும், நடந்தாலும், நடக்குமோ என்று மனசுக்குள்ளேயே வைத்திருப்பதற்கு வேறொரு வடிவம். தமிழில் அதற்கு ஒரே அச்சு கிடையாது. ஒரு இடத்தில் 'ட்டும்' போட வேண்டும், ஒரு இடத்தில் 'ஆலும்', இன்னொரு இடத்தில் 'வரைக்கும்'. கோடு போட்டு, நின்று, யோசித்துத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

கம்பெனியில் நிற்க நேரம் ஏது? வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பாலுசாமி சொல்லிவிட்டார்: "இப்படி இருந்தா நல்லா இருக்கும்னு பிரியப்படறாங்கன்னு எழுதாதீங்க அம்மணி. தறிக்காரன், பிரியப்பட்டா படட்டும்னு உட்டுருவான். செய்யோணும்னு எழுதுங்க." அவர் சொன்னது வியாபாரத்துக்குச் சரி. வாங்குகிறவன் மரியாதைக்குச் சேர்க்கும் பூச்சையெல்லாம் சுரண்டிவிட்டு உத்தரவை மட்டும் எடுத்துக்கொடுப்பது மெர்சிக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. நான்கு வருடம். பென்சில் எந்த டிராயரில் கிடக்கிறது என்றுகூட ஞாபகம் இல்லை.

பூச்சு என்று நினைத்து ஒரு பெண்ணின் தயக்கத்தைச் சுரண்டி எறிந்திருந்தாள்.

அடுத்த வரியில் விரல் ஓடியது. பிப்ரவரி 6 முதல் 11 வரை கோவையில் இருப்பேன். ஓட்டல் பெயர். தொலைபேசி எண்.

பதினொன்று. இன்றைக்கு.

மெர்சி போனை இழுத்தாள். நாலாவது மணியில் எடுத்தார்கள்.

"ரிசப்ஷன், மெஹராஜ் பேசறேங்க."

"அங்க பிரான்ஸ்ல இருந்து ஒரு பொண்ணு, எலோடின்னு..."

"அந்தப் பாப்பாவா? காலி பண்ணிட்டாங்களே. ரெண்டு மணி மெட்ராஸ் வண்டி. நீங்க யாருங்க, பாவாத்தாளா?"

மெர்சி ஒரு தாளை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அவங்க சார்பா பேசறேன்."

"தெனமும் வந்து கேப்பாங்க, பாவாத்தாள் வந்தாங்களான்னு. அந்தப் பேரு மட்டும் அவ்வளவு சுத்தமாச் சொல்லுவாங்க. ஒரு சீட்டுக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. மெட்ராஸ்ல தங்கற எடம், போன் நம்பர். நாளைக்கு ராத்திரி ஃப்ளைட்டாம். கீழ அவங்க பாஷையில ஒரு வரி இருக்கு, எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."

"முதல்ல எடமும் நம்பரும் சொல்லுங்க. அப்புறம் அந்த வரியை எழுத்து எழுத்தா."

மெஹராஜ் சொல்லச் சொல்ல மெர்சி எழுதினாள். பி, ஓ, யூ, ஆர்... *Pourvu qu'elle aille bien.*

மேஜையிலிருந்த ஏதோ ஒரு பேனாவை எடுத்து pourvu-வின்கீழ் ஒரு கோடு போட்டாள். aille-யின்கீழ் இன்னொன்று. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"எங்கீங்க?" என்றார் பாலுசாமி.

"கருமத்தம்பட்டி. இன்னொரு எடத்துலயும் இதே தப்பு செஞ்சிருக்கேன், சார். அங்கயும் கேட்டாங்க, நான்தான் திருத்தலை."

*

தறிகளின் சத்தத்தில் உள்ளே நின்று பேச முடியாது. பாவாத்தாள் முந்தானையால் பஞ்சுத் தூசியைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"ஏனுங்க அம்மணி, இத்தனை தூரம்?"

மெர்சி சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, அந்தக் கடுதாசியை நான் தப்பாப் படிச்சுச் சொல்லிட்டேன். உங்களுக்கு அவளைப் பார்க்க இஷ்டமில்லைன்னு அவகிட்ட யாரும் சொல்லலை. அவளும் அப்படி நினைக்கலை. இப்ப சரியாப் படிக்கறேன், கேளுங்க."

தறிக்கூடத்துச் சுவரோரம் நின்றபடி நகலைப் பிரித்துப் படித்தாள். ஒவ்வொரு que-யிலும் நின்றாள்.

"'எனக்கு எதுவும் வேண்டாம். என்னை வயிற்றில் சுமந்தது யாரென்று சொல்லக்கூடிய ஒருவர் எங்காவது இருக்கமாட்டாரா என்று தேடுகிறேன். ஒருவேளை என் அம்மாவுக்கு என்னைப் பார்க்க மனம் வராமல் போனாலும் எனக்குப் புரியும். அவர் வரட்டும் என்று காத்திருப்பேன். வராவிட்டால், அவர் எந்தக் காரணமும் சொல்ல வேண்டியிருக்காதபடி நான் திரும்பிப் போய்விடுவேன்.'"

உள்ளே தறிகள் அடித்துக்கொண்டிருந்தன.

"அப்ப அவ எம்மேல கோவமா எழுதலீங்களா?"

"இல்லைக்கா. வந்தாலும் சரி, வராட்டியும் சரி, உங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கா."

"பாத்தனுங்க நானு."

"யாரை?"

"அவளைத்தான். புதன்கெழமை லீவு போட்டுட்டுப் போனேன். ஓட்டலுக்கு எதுத்தாப்பல ஒரு வேப்பமரம். பத்து மணிக்கு நின்னேன். பன்னெண்டு மணிக்கு வெளிய வந்தா. நீல சட்டை. இடது காலைக் கொஞ்சம் சாய்ச்சு வெக்கறா, என்னையாட்டவே. ரெண்டு பக்கமும் பாத்தா. ரோட்டை நான் தாண்டியிருந்தா பத்தே எட்டுங்க." அவர் நிறுத்தினார். "எனக்கு இஷ்டமில்லைன்னு அவளே முடிவு பண்ணிட்டா, இனி எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறதுன்னு நின்னுபோட்டேன். நாலு மணிக்கு பஸ் ஏறிட்டேன்."

மெர்சியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நீங்க படிச்சவங்க," என்றார் பாவாத்தாள். குரல் உயரவில்லை. "நான் தார் சுத்தறவ. ஒரு இழை அறுந்தாக்கூட நிறுத்தி முடிச்சுப் போட்டுட்டுத்தானுங்க அடுத்ததைத் தொடுவேன்."

"தெரியும்க்கா."

"என்னத்தத் தெரியும். உடுங்க. அவ இப்ப எங்க?"

"மெட்ராஸ் வண்டியில போயிட்டிருக்கா. நாளைக்கு ராத்திரி ஃப்ளைட். உங்களுக்கு ஒரு வரி எழுதி வெச்சுட்டுப் போயிருக்கா." மெர்சி போனில் கேட்டு எழுதிவந்த தாளைப் பிரித்தாள். 'நல்லா இருக்காங்க' இல்லை. 'நல்லா இருக்கணும்' என்றால் கட்டளை மாதிரி. "அவங்க நல்லா இருக்கட்டும். அதான் எழுதியிருக்கா."

பாவாத்தாள் அந்தத் தாளை வாங்கினார். படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டார். கண் நிறைந்தது. வழியவில்லை.

*

மாசாணத்தின் எஸ்.டி.டி. பூத் பஸ் ஸ்டாப்பில் இருந்தது. மெட்ராஸ் விடுதியில் போன் எடுத்தவருக்கு பிரெஞ்சு தெரியாது. எலோடி ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்து சேருவாள். செய்தி இருந்தால் சொல்லுங்கள், எழுதி வைக்கிறேன் என்றார்.

மெர்சி ரிசீவரை உள்ளங்கையால் மூடினாள். "என்ன எழுதச் சொல்லட்டும்க்கா? நீ இன்னொரு தடவை வரணும்னு உங்கம்மா ஆசைப்படறாங்கன்னு சொல்லவா? இல்லை, உன்னைப் பார்க்க முடியுமான்னு கேக்கறாங்கன்னு..."

"ஆசை, முடியுமா, அதெல்லாம் வேண்டாமுங்க." பாவாத்தாள் தலையை ஆட்டினார். "ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பெருந்தன்மையா இருந்துதான் ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்னோம். வாரேன்னு எழுதச் சொல்லுங்க."

"வரட்டுமான்னு..."

"வாரேன்."

சுவரில் ஒட்டியிருந்த பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டே மாசாணம் சொன்னார்: "அஞ்சே முக்காலுக்குத் திருப்பூர் பஸ் இருக்குதுங்க. அங்க மெட்ராஸ் வண்டி ஏறுனா விடிய எறங்கலாம்."

மெர்சி ரிசீவரைத் திறந்தாள். எழுத்து எழுத்தாகச் சொன்னாள். *Je viens. Pavathal.* இந்த ஒரு வரியில் கோடு போட எதுவும் இல்லை.

பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தார் சுற்றிய அதே சேலை, தூசிகூடப் போகவில்லை. அவினாசி தாண்டியதும் பாவாத்தாள் கேட்டார்.

"ஏனுங்க, அவ பாஷையில வாரேன்னா எப்படிச் சொல்றது?"

"ஜ வியேன்."

"ஜ வியேன்." நாக்கு சரியாகத் திரும்பவில்லை. மறுபடி சொன்னார். பக்கத்து சீட்டில் இருந்தவர் ஏறிட்டுப் பார்த்தார். பாவாத்தாள் கவனிக்கவில்லை. பெட்ரோல் பங்க் விளக்குகளும் வாழைத்தோட்டங்களும் ஜன்னலில் பின்னால் ஓட, திருப்பூர் வரைக்கும் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது.