அன்பளிப்புப் பிரதி

டாக்டர் இராமலிங்கத்திடம் நான் முக்கியமாகக் கேட்டது ஒரு மாதத்தின் பெயர். அவர் அனுப்பியது அவருடைய கட்டுரையை. அதைப் படித்துவிட்டுத்தானே ஐயா கேட்டேன்!

எழுபத்தெட்டாம் வருஷம். திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளில் ஃபுளோரைடு எவ்வளவு என்பதுதான் தலைப்பு. அந்தத் தண்ணீரைக் குடித்து வளரும் பிள்ளைகள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கறை தெரியும். சென்னைப் பேராசிரியரான இராமலிங்கம் அதே கிணறுகளைப் பற்றி முன்பே எழுதியிருந்தார். சராசரியை மட்டும் போட்டு, தண்ணீரில் குறையில்லை என்று முடித்திருந்தார். அக்னி நட்சத்திர வெயிலில் நான் எடுத்த தண்ணீரிலோ அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

வேலூரிலிருந்த என் வழிகாட்டி பரசுராமன் தலையைச் சொறிந்தார்.

"அச்சுல வந்தது தப்புன்னு எந்த எக்ஸாமினரும் சொல்ல மாட்டாரு வஜீதா. உன்னுதுதான் தப்புன்னுவாரு. அவரு எந்த மாசம் எடுத்தாரு, கெணத்துக்குக் கெணறு எவ்ளோ வந்துச்சுன்னு கேட்டு வாங்கிடும்மா. அது இல்லாம தீசிஸ் குடுக்க முடியாது."

எழுதினேன். 'அன்பளிப்பு' என்று முத்திரை குத்திய கட்டுரைப் பிரதி வந்தது. அப்போதெல்லாம் கட்டுரை வேண்டும் என்று கேட்டுத்தான் எல்லாரும் கார்டு போடுவார்கள். அவர் அலுவலகம் என் கடிதத்தையும் அந்தக் கார்டுகளோடு சேர்த்துவிட்டது போல. மறுபடி விளக்கமாக எழுதினேன். மறுபடி அன்பளிப்பு.

மூன்றாவது கடிதத்துக்கு அவரே கைப்பட எழுதினார். 'உங்கள் அளவுகளை முதலில் அனுப்புங்கள். ஒப்பிட்டுப் பார்த்து விளக்குகிறேன்.' எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா முன்னி பேகம் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கோடையில் எடுத்தது, மழைக்குப் பின் எடுத்தது என்று மாதத்தோடு முழு அட்டவணையையும் தட்டச்சு செய்து பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பாட்டில்களில் நான் ஊர்ப்பெயர் எழுதுவதில்லை. எண் மட்டும்தான். எந்தக் கிணறு என்று தெரிந்தால் சோதனையில் வரும் நிறத்தைப் பார்த்து அளவு சொல்லும்போது கண் ஒரு பக்கம் சாயும். எந்த எண் எந்தக் கிணறு என்ற தாள் என் பீரோவில் இருந்தது. ஒப்பிடும்போது எப்படியும் கேட்பார், அப்போது அனுப்பலாம் என்றிருந்தேன்.

அவர் கேட்கவில்லை. அடுத்த வருஷம் பத்திரிகையைப் பிரித்தால் அவருடைய புதுக் கட்டுரை. என் அட்டவணை, என் பாட்டில் எண்கள்கூட அப்படியே. முந்தைய மாதிரிகள் தீபத் திருவிழாவை ஒட்டி, மழையில் கிணறு நிறைந்திருந்தபோது எடுத்தவை என்றும் எழுதியிருந்தார். சாமி கும்பிட வந்த இடத்தில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போயிருக்கிறார் மனுஷன். நான் கேட்ட மாதம் கிடைத்துவிட்டது. கடைசியில், மாதிரி சேகரிக்க உதவிய செல்வி வஜீதாவுக்கு நன்றி.

"இனிமே இதுல புதுசுன்னு எதம்மா காட்டுறது?" என்றார் பரசுராமன்.

"அது என் டேட்டா சார்."

"தெரியுது. அவரு தீசிஸ் பாக்குற எக்ஸாமினர் போர்டுல இருக்காரு. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

அதன்பின் நான் ஆய்வைத் தொடவில்லை. சீனியர் என்றும் பாராமல் பட்டம் வாங்கிய பிள்ளைகள் எனக்கு மேலே பதவிக்குப் போனார்கள்.

எண்பத்திரண்டில் இராமலிங்கத்தின் கையெழுத்தில் மறுபடி ஒரு கடிதம் வந்தது. சேலத்தில் வேதா என்ற மாணவி பல் நோய் பற்றி ஆய்வு செய்கிறாளாம். கட்டுரையில் அளவு மிக அதிகமாக உள்ள கிணறுகள் எந்தெந்த ஊரில் இருக்கின்றன என்று அவரைக் கேட்டிருக்கிறாள். அவள் கடிதத்தையும் இணைத்திருந்தார். 'எண்களுக்குரிய ஊர்ப்பெயர்களை எனக்கு உடனே அனுப்பவும். பழைய நட்பை மறந்திருக்க மாட்டீர்கள்.'

நட்பாம்!

வேதாவின் கடிதத்தைப் படித்தேன். 'இதற்கு முன் இருமுறை எழுதினேன். கட்டுரைப் பிரதிதான் வந்தது' என்று ஒரு வரி. அதற்கு மேல் படிக்க முடியாமல் கண் கலங்கிவிட்டது.

பீரோவிலிருந்து தாளை எடுத்தேன். கிணறு, ஊர், மாதம், அளவு எல்லாவற்றையும் எழுதி, கீழே என் பெயரைப் போட்டு, சேலத்துக்கு நேராக அனுப்பினேன்.

பேராசிரியருக்கும் பதில் போட வேண்டுமே. அவர் அனுப்பிய பழைய பிரதிகளில் ஒன்றை உறையில் வைத்து ஒட்டினேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. முத்திரைதான் முன்பே குத்தியிருந்ததே.