காலர் ஓரத்துச் சிவப்பு

போட்டோவில் சட்டையின் நிறத்தை மட்டும் மாற்றி, ஓரத்தில் ஒரு சொட்டுகூடக் கசியாமல் கொடுப்பதற்குக் கடலூர் முதுநகரில் என்னை விட்டால் ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வதுதான் வழக்கம். தன் முதுகில் தானே தட்டிக்கொள்கிறான் இந்த தேவநாதன் என்று கடைத்தெருவில் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாயிரத்து எட்டு கார்த்திகையில் குப்பு கடைக்கு வந்தாள். அவள் புருஷன் தங்கராசு கடலுக்குப் போன படகு நாலு நாளாகத் திரும்பி வரவில்லை. மழை விட்டும் வானம் வெளுக்காத நாள் அது. ஈரப் பையிலிருந்து ஒரு காதுகுத்துப் படத்தையும் குழந்தையின் பச்சைக் கவுனையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

"காணும்னு நோட்டீஸ் அடிக்கணும்ண்ணே. படத்துல செவப்புச் சட்ட போட்டிருக்காரு. போனப்ப போட்டிருந்தது பச்ச. தீபாவளிக்கு எடுத்த துணி, மிச்சத்துல மோனிகாவுக்குக் கவுன் தச்சோம். இதே பச்ச வரணும்."

"முகம் தெரிஞ்சா போதாதாம்மா?"

"தண்ணியில கெடந்தா மொகம் எங்கண்ணே இருக்கும்? சட்டதான இருக்கும்." அழாமல் சொன்னாள்.

கவுனை ஸ்கேனரில் வைத்து நிறம் எடுத்தேன். கூட்டத்தோடு எடுத்த படம். தங்கராசை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியதில் கொஞ்சம் மங்கல். சிவப்பை மொத்தமாக மாற்றினால் உதடும் கன்னமும்கூடப் பச்சையாகிவிடும், தோலிலும் சிவப்பு கலந்திருக்கிறதே. அதனால் கணினியில் பென் டூலால் சட்டையைச் சுற்றிக் கோடு போட்டு, ஓரத்தை ஒரு புள்ளி அளவுக்கு மென்மையாக்கி, நிறமாற்றம் சட்டையைத் தாண்டாதபடி ஒரு மறைப்பு கட்டினேன். அதன் மேல் லேயர் என்கிற தனி அடுக்கில் நிறத்தைத் திருப்பினேன். துணி மடிப்பும் நிழலும் அப்படியே நிற்க, சட்டை பச்சையானது. பழைய சிவப்பின் சாயல் தாடைக்கு அடியில் லேசாக ஏறியிருந்தது. அதையும் தணித்தேன்.

பெரிதாக்கிப் பார்த்தபோது காலர் ஓரத்தில் கழுத்தின் இரு பக்கமும் மெல்லிய சிவப்புக் கோடு. கசிவு! நம் வேலையில் கசிவா? வெள்ளைப் பிரஷ்ஷால் மறைப்பை அந்த இடம்வரை நீட்டினேன். கோடு காலரோடு காலராகப் பச்சையில் கரைந்தது. தோளில் தட்டிக்கொடுக்க ஆளில்லாததால் ஒரு டீ சொல்லிக் குடித்தேன்.

இருநூறு நோட்டீஸ். கரையோரம் முழுக்க ஒட்டினார்கள், போலீஸுக்கும் கொடுத்தார்கள்.

நோட்டீஸ் ஒட்டிய பதினோராம் நாள் மத்தியானம் பழனிவேல் வந்தான். பரங்கிப்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருப்பவன். கரை ஒதுங்கும் பிணங்களைப் போலீஸுக்காகப் படம் பிடிப்பதும் அவன்தான். அவனுடைய பிரிண்டர் ரிப்பேர், என் கடையில் பிரிண்ட் போட வந்திருந்தான். மெமரி கார்டைச் செருகினேன்.

முதல் படத்திலேயே கை நின்றது. முகம் என்று ஒன்றும் இல்லை. பச்சைச் சட்டை. கழுத்தில் சிவப்புக் கயிறு.

"மச்சான், உன் நோட்டீஸ வச்சுத்தான் போலீஸ்ல பாத்தாங்க" என்றான் பழனிவேல். "சட்ட ஒத்துப் போச்சு. ஆனா நோட்டீஸ்ல இருக்கறவன் கழுத்துல கயிறு இல்ல. பச்சச் சட்ட ஊருல நூறு பேரு போடுறான்னு, நோட்டீஸ் ஒட்டுனவங்களுக்குச் சொல்லாமலே விட்டுட்டாங்க. நேத்து அனாதப் பொணம்னு பொதச்சாச்சு."

தங்கராசின் கோப்பைத் திறந்து, நிறம் மாற்றிய லேயரின் கண் குறியை அழுத்தி அதை மறைத்தேன். சட்டை மறுபடி சிவப்பானது. காலர் ஓரத்தில் அந்தக் கோடும் வந்தது. இந்த முறை கசிவைத் தேடாமல் பார்த்தேன். ஒரே தடிமன், இரண்டு பக்கமும் ஒரே வளைவு, நடுவே முறுக்கு. கசிவுக்கு ஏது முறுக்கு? நான் அழித்தது கயிற்றை. பாவி, நான் அழித்தது அவனுடைய அடையாளத்தை.

பழனிவேல் டீ குடிக்கப் போனான். அவன் படி இறங்கும்போதே குப்பு ஏறி வந்தாள்.

"அண்ணே, இன்னும் அம்பது வேணும். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல ஒட்டணும்."

திரையை அவள் பக்கம் திருப்பினேன். பிணத்தின் படம் அடியில் மறைந்திருந்தது, மேலே தங்கராசு சிவப்புச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் குனிந்து, விரலால் காலரைத் தொட்டாள்.

"இந்தக் கயிறு நோட்டீஸ்ல இல்லியேண்ணே? மாரியாத்தா கோயில்ல நான் கட்டுனது. குளிக்கிறப்பகூடக் கழட்ட மாட்டாரு. படத்துலயே இருக்குதேன்னுதான் நான் தனியா சொல்லல." இத்தனை நாளில் முதல்முறையாக அவள் முகம் தெளிந்தது. "இதோட அம்பது போட்டுக் குடுண்ணே. இதப் பாத்தா யாராச்சும் கண்டுபுடிச்சிருவாங்க."

"கண்டுபுடிச்சாச்சும்மா" என்றேன்.