இருபத்திமூன்றாம் நம்பர் வில்லை

துறைமுகத்துக்குத் தெற்கே லாஞ்சுகளையும் பார்ஜுகளையும் பழுது பார்க்கிற பட்டறை ஒன்று இருந்தது. அதன் கருவி அறை தேவபிரசாதத்தின் பொறுப்பு. அங்கே வேலை பார்த்த அறுபது பேரில் ஒருவனையாவது நல்ல வேலைக்காரன் என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. அரத்தைச் சுத்தியலாக்குகிறவன், ஸ்பானரை நெம்புகோலாக்குகிறவன், இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று மூன்று ஜாதியாக அவர்களைப் பிரித்து வைத்திருந்தார்.

அவர் மதித்தது சுவரில் இருந்த பலகையை மட்டும்தான். ஆள் உயரத் தேக்குப் பலகை. அதில் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொரு கொக்கியின் கீழும் ஒரு கருவியின் நம்பர். அதே நம்பர் கருவியிலும் பொறித்திருக்கும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவனுடைய நம்பர் அடித்த ஆறு பித்தளை வில்லைகள், ஒரு வளையத்தில் கோத்துக் கொடுத்திருந்தார்கள். கருவி வேண்டும் என்கிறவன் ஜன்னலில் ஒரு வில்லையை நீட்டணும். அவர் அதை அந்தக் கருவியின் கொக்கியில் மாட்டிவிட்டுக் கருவியைக் கொடுப்பார். கருவி திரும்பி வந்தால் வில்லையைக் கழற்றிக் கொடுப்பார். எந்தக் கருவி யார் கையில் இருக்கிறது என்று பலகையை ஒரு பார்வை பார்த்தால் தெரிந்துவிடும். ஆறு வில்லையும் தீர்ந்தவனுக்கு ஏழாவது கருவி கிடையாது.

இன்னொரு விதியும் உண்டு. வேலையாகக் கடலுக்குப் போகிறவன் ஆறு வில்லையையும் வளையத்தோடு ஒப்படைத்துவிட்டுப் போகணும். வெளியே தொலைந்த வில்லையைக் கொண்டுவந்து வேறு எவனும் கருவி வாங்கிவிடக் கூடாது என்பதற்காக. அந்த வளையங்கள் பலகையின் அடியில் ஒரு வரிசை ஆணிகளில் தொங்கும்.

1943ஆம் வருஷம். யுத்தத்தில் கப்பல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் சீமையிலிருந்து ஒரு துரப்பண ஊசிகூட வரவில்லை. அந்த நாளில்தான் மந்திரமூர்த்தி சூப்பர்வைசராக வந்து சேர்ந்தார். வெள்ளை டிரவுசர், கையில் ஒரு கர்ச்சீப், இரும்பைத் தொட்டால் உடனே விரலைத் துடைத்துக்கொள்வார். வந்த இரண்டாம் நாளே ஜன்னலில் நின்று, கனம் அளக்கிற காலிப்பர் ஒன்று கேட்டார்.

"வில்லை?" என்றார் தேவபிரசாதம்.

"நான் சூப்பர்வைசர் வே. கழுத்துல மணி கட்டிக்கிட்டுத் திரியச் சொல்லுதீரா?"

"கழுத்துல இல்ல சார். கொக்கியில."

கர்ச்சீப் ஒருமுறை விரல்களைச் சுற்றி வந்தது. மந்திரமூர்த்தி காலிப்பர் வாங்காமலே போய்விட்டார். மறுவாரம் கருவி அறையின் இரண்டாவது சாவி தன்னிடம் இருக்கணும் என்று மானேஜரிடம் உத்தரவு வாங்கி வந்தார். அவசரத்துக்காம். பட்டறையில் அவசரம் வந்து தேவபிரசாதம் பார்த்ததில்லை. சோம்பல்தான் கடைசி நேரத்தில் அவசரமாக உருமாறி வரும்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, பாம்பன் பக்கம் இஞ்சின் நின்றுபோன லாஞ்சுக்கு வீரபாகுவை அனுப்பினார்கள். வீரபாகு இஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிற பிட்டர், நம்பர் இருபத்திமூன்று. தேவபிரசாதத்துக்கும் அவனுக்கும் ஆகாது. துளைக்குள் மரை வெட்டுகிற டேப்பை உடைத்துவிட்டு, எண்ணெய்த் துணியில் சுற்றி முழுசு போலத் திருப்பிக் கொடுத்தவன் அவன். அதைப் பிரித்துப் பார்த்து எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டியவர் இவர். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. வளையத்தை ஜன்னலில் வீசினான். இவர் ஆறு எண்ணி, "ஆறு பெற்றேன்" என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாசல் காவலாளும் நேரம் குறித்துக் கையெழுத்துப் போட்டான். ஏழரைக்கு வீரபாகு கடலில் இருந்தான்.

அன்று பதினொன்றரை மணிக்கு ஜேசுபாதம் என்கிற முப்பத்தோராம் நம்பர் பிட்டர், நாற்பத்திநாலாம் நம்பர் ரீமரைத் திருப்பிக் கொடுத்துத் தன் வில்லையை வாங்கிப் போனான். தண்டு சுழல்கிற புஷ்ஷின் துளையை மயிரிழை மயிரிழையாக விரிக்கிற கருவி அது. அலகுகளை நகர்த்தி அளவு மாற்றலாம். பட்டறையில் இருந்தது ஒன்றே ஒன்று. பன்னிரண்டுக்குத் தேவபிரசாதம் அறையைப் பூட்டிவிட்டுச் சோறு தின்னப் போனார்.

ஒரு மணிக்குத் திரும்பிக் கதவைத் திறந்ததும் பலகையைப் பார்த்தார். நாற்பத்திநாலில் ஒரு வில்லை தொங்கியது. ரீமர் இல்லை. வில்லையில் இருபத்திமூன்று. குனிந்து வீரபாகுவின் வளையத்தை எண்ணினார். ஐந்து.

பூட்டு உடையவில்லை. சாவி இரண்டுதான். வெறும் கொக்கி கண்ணை உறுத்தும் என்று எடுத்தவன் ஒரு வில்லையை மாட்டியிருக்கிறான். திருடனுக்கு மூளை இருந்திருந்தால் ஊரில் இருக்கிற ஐம்பத்தொன்பது பேரில் ஒருத்தன் நம்பரைத் தேடியிருப்பான். கடலில் இருக்கிறவனுடைய வளையம்தான் ஆணியில் கையெட்டக் கிடந்தது என்பதற்காக அதிலேயே கழற்றியிருக்கிறான். கருவியைக் களவாடத் தெரிந்தவனுக்குப் பலகையைப் படிக்கத் தெரியவில்லை. அதில்தான் தேவபிரசாதத்துக்கு ஆத்திரம் அதிகம்.

வில்லையைத் தொடாமல் நேரே சூப்பர்வைசரின் அறைக்குப் போனார்.

"நாற்பத்திநாலு ரீமர் நீங்க எடுத்தியளா சார்?"

மந்திரமூர்த்தி காகிதத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. "கொக்கியில யார் நம்பர் தொங்குது?"

"இருபத்திமூணு."

"அப்போ அவன்கிட்ட இருக்கு. அதுக்குத்தானே வே அந்தப் பலகை? நீரே நம்பலேன்னா வேற யார் நம்புவா?"

ஆறு வருஷமாகத் தேவபிரசாதம் மற்றவர்களுக்குச் சொல்லிவந்த வார்த்தையே அது. அந்த ஆள் வாயிலிருந்து வந்தபோது எச்சில் பட்ட சோறு போல இருந்தது. ஒரு நாள் பார்ப்போம், எடுத்தவனே பயந்து கொண்டுவந்து வைத்துவிடுவான் என்று நினைத்தார். பிறகு இன்னொரு நாள். உள்ளபடி சொன்னால் அவருக்குப் பயம். வீட்டில் நாலு பேர் சாப்பிட வேண்டும், யுத்த காலத்தில் வேலை போனால் வேறு வேலை இல்லை.

வியாழக்கிழமை அரசாங்க லாஞ்சு ஒன்றின் புஷ் வேலைக்கு ரீமர் தேவைப்பட்டது. இல்லை என்றதும் மந்திரமூர்த்தி அதற்காகவே காத்திருந்ததுபோல வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். 'இருபத்திமூன்றாம் நம்பர் பிட்டர் வீரபாகு, கம்பெனிக் கருவியுடன் வெளியூர் சென்றுள்ளான். வந்தவுடன் போலீசில் ஒப்படைக்கப்படுவான்.' அரசாங்க வேலைக்கான கருவி என்பதால், யுத்தச் சரக்கைத் திருடினான் என்று போலீசில் எழுதிவிட்டால் ஜாமீன்கூடச் சுலபத்தில் கிடைக்காது.

சாயங்காலம் வீரபாகுவின் பெண்டாட்டி சந்தனமாரி வாசலில் நின்றாள். தேவபிரசாதம் வெளியே வந்ததும் வழி மறித்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க பலகைதான் எங்க வீட்டு ஆளத் திருடன்னு சொல்லுதாம்."

"பலகை சொல்லல. ஒருத்தன் சொல்ல வச்சிருக்கான்."

"அது ஒங்களுக்கு எப்போ தெரியும்?"

"திங்கக்கிழமை."

சந்தனமாரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னிக்கு வியாழக்கிழமை. எனக்குக் கொக்கியும் வில்லையும் தெரியாது. கிழமை தெரியும்."

அவள் சத்தம் போட்டிருந்தால் அவர் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்துவிட்டாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தேவபிரசாதத்துக்கு மூன்று ஜாதி ஞாபகம் வந்தது. தெரிந்தும் வாய் திறக்காதவன் என்று நாலாவதாக ஒன்று சேர்த்துக்கொண்டார். அதில் இப்போதைக்கு அவர் ஒருத்தர்தான்.

வெள்ளிக்கிழமை காலை சீட்டை எடுத்துக்கொண்டு, ஜேசுபாதத்தையும் கூட்டிக்கொண்டு மானேஜர் அறைக்குப் போனார். மந்திரமூர்த்தியும் அங்கே இருந்தார். அது நல்லதாகப் போயிற்று.

"ஏழு மணிக்கு வீரபாகு ஆறு வில்லையும் ஒப்படைச்சான். காவலாள் கையெழுத்து இருக்கு," என்றார் தேவபிரசாதம். "பதினொன்றரைக்கு ரீமர் அறையில இருந்தது. கொண்டுவந்து தந்தது இவன். அந்நேரம் வீரபாகு நடுக்கடல்ல. வளையத்துல இப்போ அஞ்சு, கொக்கியில ஒண்ணு. கடல்ல இருந்து கையை நீட்டி எடுத்துக்கிட்டான்னா அவனைப் போலீசுக்குக் குடுக்கக் கூடாது சார், கோயில் கட்டிக் கும்பிடணும்."

மானேஜர் சீட்டை இரண்டு தடவை படித்தார். "சாவி?"

"ரெண்டு. ஒண்ணு என்கிட்ட. ஒண்ணு சார்கிட்ட."

"அப்போ நீர்தான் எடுத்திருக்கணும்," என்றார் மந்திரமூர்த்தி. "எடுத்துட்டு அவன் பேர்ல மாட்டிட்டீரு. ரெண்டு பேருக்கும் பகைன்னு பட்டறைக்கே தெரியும்."

தேவபிரசாதம் இதை எதிர்பார்த்துத்தான் வந்தார். இதற்கு மேல் அவரிடம் ஆதாரம் இல்லை. "நான் எடுத்திருந்தா அந்த நம்பரை மாட்டியிருக்க மாட்டேன் சார். இவ்வளவு மடத்தனமா ஒரு வேலையை எனக்குச் செய்யத் தெரியாது," என்றார்.

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த ஜேசுபாதம் தொண்டையைச் செருமினான். அவன் பக்கத்திலிருக்கிற திரேஸ்புரத்துக்காரன், பட்டறையில் வாய் திறக்காதவன் என்று பேர்.

"எங்க தெருவுக்குப் பின்னால ஐஸ் பாக்டரி இஞ்சினைப் பிரிச்சுப் போட்டிருக்காங்க. நேத்து எட்டிப் பார்த்தேன். புஷ் துளைக்கு ஒரு ரீமர் ஓட்டிக்கிட்டிருந்தான். நம்ம ரீமர் மாதிரியே இருந்தது. நம்பர் பார்க்க விடல." மானேஜர் பக்கம் திரும்பிக்கொண்டான். "அந்த வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்திருக்கிறது சூப்பர்வைசர் ஐயாவோட மச்சினன்."

மானேஜர் மணியடித்து ஆளைக் கூப்பிட்டு சைக்கிளில் அனுப்பினார். அரை மணி நேரமும் மந்திரமூர்த்தி கர்ச்சீப்பை மடித்தார், பிரித்தார். ஆள் திரும்பி வந்து சாக்குத் துண்டில் சுற்றியதை மேஜையில் வைத்தான். காம்பில் 44. அலகுகளில் இரண்டின் விளிம்பு உடைந்திருந்தது. எண்ணெய் விடாமல், ஒரே மூச்சில் திருகி ஓட்டியிருக்கிறான். அந்தக் காண்ட்ராக்டுக்காரனுக்குத் திருட்டு ரீமரைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியவில்லை.

"கம்பெனி வேலைதானேன்னு நெனச்சு..." என்று மந்திரமூர்த்தி ஆரம்பித்தார். எந்தக் கம்பெனி என்று மானேஜர் கேட்டார்.

அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை. டிராயிங் படிக்கத் தெரிந்தவன் எவனும் அப்போது கிடைக்க மாட்டான்; பட்டாளத்தில் இரண்டு மடங்கு சம்பளம். சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். நோட்டீசைக் கிழிக்கச் சொன்னார்கள். அதை அவரே கிழிக்கணும் என்று மானேஜர் சொன்னதால், பட்டறை முழுக்க வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. பசை நன்றாகக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது.

சனிக்கிழமை வீரபாகு கரையேறினான். வாசலிலேயே எல்லாக் கதையும் கேட்டுவிட்டான். நேரே கருவி அறை ஜன்னலுக்கு வந்தான். உப்புக் காற்றில் கண் சிவந்திருந்தது.

தேவபிரசாதம் வளையத்தில் ஆறாவது வில்லையைக் கோத்து நீட்டினார். நன்றி என்று ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தார். சொன்னால் தட்டிவிடுவதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தார்.

"இந்த வளையத்த ஏன் வே ஆணியில தொங்கப் போட்டீரு?" என்றான் வீரபாகு.

"அதுதான் எடம்."

"அதுதான் எடம்னா, எவன் வேணாலும் எடுக்கலாம்னு அர்த்தமா? நான் ஒம்மகிட்டத்தானே குடுத்தேன். ஆணிகிட்டயா குடுத்தேன்? மேஜை டிராயர்ல போட்டுப் பூட்டியிருந்தா எம் பொண்டாட்டி வாசல்ல வந்து நின்னிருப்பாளா?"

தேவபிரசாதம் ஆணி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஆணிகளை அடித்தவர் அவர்தான். ஒரே அளவு இடைவெளிவிட்டு, நூல் பிடித்து அடித்தது. அதைப் பற்றி ஒருவனும் குறை சொன்னதில்லை. சொல்லவும் விட்டதில்லை.

"டிராயர் சின்னது," என்றார் கடைசியில். "கம்பி வலையில கதவு போட்டுப் பூட்டு வைக்கலாம்."

"அப்போ வையும்."

"கீல் அடிக்கத் தெரிஞ்சவன் வேணும்."

வீரபாகு ஆணி வரிசையை எட்டிப் பார்த்தான். பிறகு வளையத்திலிருந்து ஒரு வில்லையைக் கழற்றி ஜன்னல் பலகையில் வைத்தான். "கை டிரில் ஒண்ணு குடும். ஊசி உடைஞ்சா உடைஞ்சதுன்னு சொல்லியே தாரேன்."