அறுபத்திரண்டு நாற்காலிகளின் கால்

நாற்காலிக் காலில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினாள். கீறலின் மேல் டேப்பை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, ஒரே இழுப்பில் பிய்த்தாள்.

டேப்போடு நீலப் பெயிண்டும் வந்தது.

"பார்த்தீங்களா மேடம்? நான் ஒண்ணும் கதை விடல." பர்சேஸ் மேனேஜர் தலைக்கு மேலே நின்றபடி சொன்னார். "ரெண்டு மணிக்கு லாரி கிளம்பணும். புது ஆஸ்பத்திரி. இருநூத்தி நாப்பது நாற்காலி. உங்க பில்லு முப்பத்தாறாயிரம். ஒரு காசு தர மாட்டோம்."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே கால். அவள் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தாள்.

இந்த ஃபர்னிச்சர் கம்பெனி கைவிட்டால், இரும்பில் பெயிண்ட் பவுடரைத் தூவி அடுப்பில் வேகவைக்கும் அவளுடைய பவுடர் கோட்டிங் பட்டறையில் வாரத்துக்கு மூன்று நாள்தான் அடுப்பு எரியும். பில் போனால் ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். வாடிக்கை போனால் கடையைக் கட்ட வேண்டியதுதான். அவருக்கும் அது தெரியும். அதனால்தான் குரல் அந்த உயரத்தில் இருந்தது.

முதுகு சாயும் கம்பியில் டேப் ஒட்டினாள். பெயிண்ட் அசையவில்லை. உட்காரும் சட்டத்திலும் அசையவில்லை. கால் மட்டும் உரிந்தது. அதுவும் எல்லா நாற்காலியிலும் இல்லை.

"உரியறதை எல்லாம் தனியா எடுத்து வையுங்க" என்றாள், பேக்கிங் ஆட்களிடம்.

முக்கால் மணி நேரத்தில் எண்ணிக்கை வந்தது. நூற்றெழுபத்தெட்டு நல்லது. அறுபத்திரண்டு சொத்தை.

பஞ்சைத் தின்னரில் நனைத்து, சொத்தைக் காலில் ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாகத் தேய்த்தாள். பஞ்சு நீலமானது. நல்ல நாற்காலியின் காலில் அதே அளவு தேய்த்தாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

வேகாத கோட்டிங். சந்தேகமே இல்லை.

ஆனால் ஒரே அடுப்பு, ஒரே பவுடர். அறுபத்திரண்டு மட்டும் எப்படி வேகாமல் போனது?

நல்லது ஒன்றை வலக்கையிலும் சொத்தை ஒன்றை இடக்கையிலும் தூக்கினாள். இடது தோள் இறங்கியது. காலுக்கு அடியில் இருந்த ரப்பர் மூடியைக் கழற்றி, குழாயின் விளிம்பில் அளவுக் கருவியை வைத்தாள். நல்லதில் ஒன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர். சொத்தையில் இரண்டு.

குழாய் மாறியிருக்கிறது.

வெளியே வந்து கொழுந்தனுக்குப் போன் போட்டாள். அடுப்பைப் பார்த்துக்கொள்வது அவன்.

"அப்ப தப்பு அவங்களோடது அண்ணி" என்றான் எடுத்த எடுப்பில். "பைப்பை மாத்திட்டு வாயைத் திறக்கல. தடிப் பைப் சூடேறவே நேரமாகும். நமக்கு என்ன ஜோசியமா தெரியும்? ஒத்தக் காசு விடாதீங்க."

"ஒவ்வொரு சரக்கு லாட்டுக்கும் முதல் பீஸ்ல இரும்போட சூட்டைப் பார்க்கணும். பார்த்தியா?"

"அதே ஆர்டர்தானே அண்ணி, தொடர்ச்சியா வந்துச்சு…"

"பார்த்தியா, பார்க்கலையா?"

"பார்க்கல."

"தொங்கவிடும்போது கனம் தெரியலையா?"

மறுமுனையில் கம்ப்ரஸரை நிறுத்தினான்.

"தெரிஞ்சுது" என்றான். "லாட்டை முடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

"நல்லா முடிச்ச போ. மத்தியானம் பழைய பெயிண்ட் உரிக்கிற தொட்டியைத் தயார் பண்ணு. அறுபத்திரண்டு வருது."

முதலாளியின் அறையில் மின்விசிறி கிறீச்சிட்டது. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நீலப் பஞ்சையும் வெள்ளைப் பஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார். பர்சேஸ் மேனேஜர் உட்காரவில்லை.

"அறுபத்திரண்டு நாற்காலியில கால் வேகல முதலாளி" என்றாள். "அதுல மட்டும் பைப் ரெண்டு மில்லி. எங்களுக்குத் தெரிஞ்சது ஒண்ணு புள்ளி ரெண்டு. அந்தக் கணக்குக்குத்தான் அடுப்பு வெச்சோம்."

"அப்ப எங்க தலையில கட்டப் பார்க்கறீங்க" என்றார் மேனேஜர்.

"இல்ல சார். முதல் பீஸ்ல சூடு பார்த்திருந்தா எங்க ஆளுக்கே பிடிபட்டிருக்கும். பார்க்கல. கையில கனம் தெரிஞ்சும் கேட்கல. அது எங்க தப்பு."

மேனேஜர் அடுத்த வசனத்தைத் தயாராக வைத்திருந்தார் போல. அதை விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதலாளி நிமிர்ந்தார். "காலைத் தடியாக்கச் சொன்னது நான்தான். பழசு ஆடுதுன்னாங்க. கோட்டிங்காரங்களுக்கும் சொல்லிடுங்கன்னு சொன்னேனே." அவர் பார்வை அறையைச் சுற்றத் தொடங்கியது. "யார் சொல்லாம விட்டது?"

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

யாரோ ஒருவர் தலை உருளப்போகிறது. யார் என்று அவளுக்குத் தெரியாது. உருண்டால் அவள் பக்கம் பலமாகும், பில் முழுசாக வரும். ஆனால் தலை போனவனின் கூட்டாளிகள் இதே கம்பெனியில் இருப்பார்கள். ஒவ்வொரு லாட்டிலும் அவளுக்குக் குழி பறிப்பார்கள்.

"தகவல் நடுவுல எங்கேயோ நின்னுபோச்சு முதலாளி" என்றாள். "அதைத் தேட உட்கார்ந்தா லாரி போகாது. நான் செய்யக்கூடியதைச் சொல்லிடறேன்."

"சொல்லும்மா."

"நூத்தி எழுபத்தெட்டு நல்லா இருக்கு, ரெண்டு மணிக்கே போகட்டும். அறுபத்திரண்டை எங்க வண்டியில ஏத்திட்டுப் போய், உரிச்சு, திரும்ப அடிச்சு, நாளன்னிக்கு மத்தியானம் இங்க இறக்கறேன். அதுக்குக் கூலியும் இல்ல, வண்டி வாடகையும் இல்ல."

"எங்க ஆளுங்க பிரிச்சுக் கட்டற கூலி? தாமதம்?" என்றார் மேனேஜர். குரல் முன்னைவிட இறங்கியிருந்தது.

"அதுக்குத்தான் வர்றேன். அந்த அறுபத்திரண்டுக்குப் பில்லுல ஒன்பதாயிரத்து முந்நூறு இருக்கு. அதுல பாதி, நாலாயிரத்து அறுநூத்தம்பதைக் கழிச்சுக்க கிரெடிட் நோட் தர்றேன். காரணத்தையும் அதுலயே எழுதறேன். பில்லைத் தொட வேண்டாம். மீதி முப்பத்தோராயிரத்து முந்நூத்தம்பது வழக்கமான தேதிக்கு வந்தாப் போதும்."

"ஏன் பாதி? முழுசா விட்டா என்ன?"

"முழுசா விட்டா, தப்பு முழுக்க எங்களோடதுன்னு எழுதிக் குடுத்த மாதிரி. அது நிஜமில்ல. ஒண்ணுமே விடலைன்னா, அதுவும் நிஜமில்ல."

முதலாளி கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "பேரம் பேசத் தெரியாத பொம்பளைன்னு நினைச்சேன்."

"தெரியாதுதான் முதலாளி. தெரிஞ்சிருந்தா கால் பங்குல ஆரம்பிச்சிருப்பேன்."

அவர் சிரித்துவிட்டார். வயிறு குலுங்கும் சிரிப்பு இல்லை, உதட்டோரச் சிரிப்பு. அது போதும்.

"இனிமே?"

"டெலிவரி சீட்டுல ஒவ்வொரு லாட்டுக்கும் பைப் கனம் எழுதி அனுப்புங்க. முதல் பீஸோட சூட்டை நாங்க எழுதி, சரக்கோட அனுப்பறோம். ரெண்டும் இல்லாம ஒரு நாற்காலிகூட அடுப்புக்குள்ள போகாது."

"அறுபத்திரண்டு நல்லா வரட்டும். ஆஸ்பத்திரிக்குக் கட்டில் ஆர்டரும் வருது, அதை அப்புறம் பேசுவோம்." அவர் மேனேஜர் பக்கம் திரும்பினார். "கேட் பாஸ் போட்டுக் குடுங்க."

லாரி சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. அவளுடைய வேனில் கடைசி நாற்காலியை ஏற்றிக் கயிறு இழுத்துக் கட்டும்போது, மேனேஜர் கேட் பாஸோடு வந்தார். காவலாளியிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அவரே வந்தார்.

"உள்ள கொஞ்சம் ஓவரா பேசிட்டேன் மேடம்."

"பரவாயில்ல சார். உரிஞ்சது உரிஞ்சதுதானே."

அவர் போகவில்லை. கேட் பாஸை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"முதலாளி கேட்டப்ப, புது பைப் அளவு போட்ட டிராயிங் எங்களுக்கு வரலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்" என்றார். "ஏன் சொல்லல?"

"யார் அனுப்பலைன்னு எனக்குத் தெரியாதே சார்."

மேனேஜர் அலுவலக ஜன்னலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பாஸை அவள் கையில் வைத்தார்.

"மூணு வாரமா அது என் மெயில்லதான் கிடக்கு. இன்னிக்குக் காலையில, உங்களுக்குப் போன் பண்ணிக் கத்தறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் திறந்து பார்த்தேன்."