சம்பளத்துக்கு மூன்று நாள் முன்பு ஒரு மெயில்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. அந்தச் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியின் முதலாளியம்மா வங்கிக் கணக்கை மறுபடியும் திறந்து பார்த்தார். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பேருக்குச் சம்பளம். வங்கியில் இருந்தது நான்கு பேருக்குத்தான் காணும். மீதி எட்டுப் பேர் பணமும் ஒரே இடத்தில் முடங்கிக் கிடந்தது. சோபா, கட்டில் செய்து விற்கும் பெரிய கம்பெனி ஒன்று. அவர்களுடைய டெலிவரி வண்டிகள் எங்கே போகின்றன என்று காட்டும் சாஃப்ட்வேரை இவர்தான் செய்து கொடுத்தார். பணம் வரவேண்டிய நாள் தாண்டி ஒன்பது நாளாகியும் அங்கிருந்து ஒரு மூச்சு இல்லை.

ஆறு வருடத்தில் ஒரு மாதம்கூடச் சம்பளம் தவறியதில்லை. இந்த முறை தவறினால் நல்லவர்கள் நான்கு பேர் அடுத்த வாரமே வேறு வேலை தேடிக்கொள்வார்கள், அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. இவர் கம்பெனி அதோடு காலி. இந்தப் பயத்தில் அம்மணி காலையிலேயே உட்கார்ந்து, அந்தச் சோபா கம்பெனிக்கு ஒரு மெயில் அடித்து முடித்திருந்தார். மெயிலா அது? ஒரு பாட்டம் அழுகை.

“அக்கா, அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடுங்க” என்று கணக்குப் பார்க்கும் அக்காவைக் கூப்பிட்டார்.

அந்த அக்காவுக்கு ஆபீஸில் கத்தரி அக்கா என்று பெயர். டாக்ஸி பில், காபி பில் எதைக் கொடுத்தாலும் பாதியை வெட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“‘வங்கியில் ஓவர்டிராஃப்ட் கடனும் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது.’ இத எதுக்கு மேடம் அவங்களுக்கு சொல்றீங்க?”

“நெலம தெரிஞ்சா இரக்கப்பட மாட்டாங்களா?”

“இரக்கமா? பயப்படுவாங்க. மூடப்போற கம்பெனிக்கு அடுத்த வருஷ வேலைய எவன் குடுப்பான்? இல்லன்னா, பத்து சதவீதம் கொறச்சுக்கோ, இன்னைக்கே தரேன்பான். கழுத்துல கத்தி இருக்குன்னு நாமளே காட்டிக்குடுக்கலாமா?” என்று அந்த வரியை அழித்தார். “‘என் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்தேன்.’ ஐயோ, மேடம்!” அதுவும் போயிற்று.

அடுத்த பத்தியில் அக்காவின் விரல் நின்றது.

முதலாளியம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அடிப் பாவி, அதையுமா எழுதினோம்! ‘எங்கள் கணக்காளரின் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. சம்பளம் தாமதமானால் அந்தக் குடும்பம் என்ன ஆகும்?’ இந்த ஆபீஸில் முதலாளியம்மா ஒருவருக்கு மட்டும்தான் அது தெரியும். மதியங்களில் சீக்கிரம் கிளம்ப அனுமதி கேட்டபோது, கதவைச் சாத்திவிட்டு அக்கா சொன்ன விஷயம். அழக்கூட இல்லை அன்றைக்கு.

அக்கா அந்தப் பத்தியையும் அழித்தார். முதலாளியம்மா மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார், வரவில்லை.

“இத யாருக்கு அனுப்பப் பாத்தீங்க?” அக்காவின் குரலில் மாற்றமே இல்லை.

“அவங்க டெலிவரி மேனேஜருக்கு. பில்லும் அவருக்குத்தான் அனுப்புனேன்.”

“அக்கவுண்ட்ஸுக்கு?”

“அவர் குடுத்துடுவார்னு...”

“போச்சு போங்க. அவங்க வாரத்துக்கு ஒரு நாள்தான் பணம் அனுப்புவாங்க, வியாழக்கிழமை. புதன் மதியத்துக்குள்ள பட்டியல்ல ஏறலைன்னா அடுத்த வாரம்தான்.”

அக்கா புதிதாக அடித்தார், அக்கவுண்ட்ஸ் விலாசத்துக்கு, மேனேஜருக்கு ஒரு நகலோடு:

‘வணக்கம். எங்கள் பில் எண் 214-க்கான தொகை இம்மாதம் மூன்றாம் தேதி வந்திருக்க வேண்டும். இன்னும் வரவில்லை. பில்லையும் உங்கள் பர்ச்சேஸ் ஆர்டரையும் இத்துடன் மீண்டும் இணைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை எங்கள் சம்பள நாள். எனவே இந்த வியாழக்கிழமைப் பட்டியலில் இதைச் சேர்த்து, சேர்த்ததை இன்று உறுதிசெய்ய வேண்டுகிறோம். எங்களிடமிருந்து வேறு ஏதேனும் தேவைப்பட்டால் உடனே அனுப்புகிறோம். நன்றி.’

“இவ்ளோதானா?” முதலாளியம்மாவுக்கு மொட்டையாகத் தெரிந்தது. “சம்பளம்னு மட்டும் போதுமா?”

“அது உண்மை, அது போதும். மீதி நம்ம வீட்டு விஷயம்.”

அனுப்பினார்கள். இருபது நிமிடத்தில் போன் அடித்தது. அந்தக் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் அதிகாரி. முதலாளியம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

“மேடம், இந்த பில் எங்க கைக்கு இன்னைக்குத்தான் வருது. பில் வந்த நாள்ல இருந்து முப்பது நாள்ங்கறதுதான் எங்க விதி.”

முப்பது நாளா! முதலாளியம்மாவுக்கு ஓவர்டிராஃப்ட், நகை எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. “சார், எங்க நெலம என்னன்னா...” என்று ஆரம்பித்தும் விட்டார்.

அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். இன்னொரு கையால் திரையில் ஒரு பழைய மெயிலைத் திறந்து காட்டினார். போன மாதம் நான்காம் தேதி மேனேஜர் அனுப்பிய பதில்: ‘பில் கிடைத்தது. வேலை சரியாக முடிந்திருக்கிறது. ஒப்புதல்.’

“...நெலம என்னன்னா சார்,” முதலாளியம்மா மூச்சை இழுத்துப் பிடித்தார், “பில்லை உங்களுக்கு அனுப்பாதது என் தப்புதான். ஆனா உங்க மேனேஜர் போன மாசம் நாலாம் தேதியே கெடைச்சதுன்னு எழுதி, ஒப்புதலும் குடுத்திருக்கார். இப்பவே அனுப்பறேன்.”

அக்கா அந்த மெயிலை அனுப்பினார். “ஒப்புதல் இருந்தா சரி. ஏன் மேடம் இவ்ளோ அவசரம்? கம்பெனில ஏதாவது பிரச்சனையா? அடுத்த வருஷ கான்ட்ராக்ட் வேற மேல பேசிட்டிருக்காங்க.”

முதலாளியம்மா அக்காவைப் பார்த்தார். அக்கா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெள்ளிக்கிழமை சம்பளம் சார். தேதி தாண்டின பணம், அதான் கேக்கறேன். உங்க வேலை ஒரு நாள்கூட தள்ளிப்போகாது.”

“சரி, ஏத்திடறேன்.”

போனை வைத்ததும் முதலாளியம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. ஏத்திடறேன் என்று சொன்னவர் மறந்துவிட்டால்? புதனும் வியாழனும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் யாரோ ராஜினாமாக் கடிதத்தோடு வருகிறார்கள் என்று பதறினார். வியாழன் மாலை வரை வங்கிக் கணக்கில் ஒரு பைசா ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்குப் பணம் வந்து விழுந்தது. முழுப் பணம்.

முதலாளியம்மா வாய்விட்டே அழுதுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவின் மேசைக்கு ஓடினார். “அக்கா, மொதல்ல உங்க சம்பளத்த போட்டுடறேன். மத்ததெல்லாம் அப்புறம்.”

“வேண்டாம் மேடம். பன்னெண்டு பேரும் ஒரே ஃபைல்ல இருக்கோம், ஒண்ணாவே போகட்டும்.”

“இல்லக்கா, உங்களுக்கு அவசரம்...”

“எனக்கு மட்டும் முன்னாடி வந்தா ஏன்னு நாலு பேர் கேப்பாங்க. அப்ப நீங்க சொல்லிடுவீங்க.”

முதலாளியம்மாவின் முகம் சுண்டிப்போனது. செவ்வாய்க்கிழமையிலிருந்து சொல்ல முடியாமல் இருந்த மன்னிப்பு இப்போதும் பாதிதான் வெளியே வந்தது. “அக்கா, அன்னைக்கு நான் அத...”

“ஃபைல் ரெடி, மேடம்.” அக்கா எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். “ஒப்புதல் குடுங்க. ரெண்டு மணிக்கு அவருக்கு டயாலிசிஸ். பணம் கட்டினாதான் படுக்க விடுவாங்க.”