எட்டரை மணி ஆட்டம்

ஆறு மணிக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். காப்பி போட்டேன். கை பழக்கத்தில் இரண்டு டம்ளர் போட்டுவிட்டது, இரண்டையும் குடித்தேன். சிவப்பு மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். அது என் மனைவியுடையது.

ஏழு மணிக்குப் பேக்கரியின் பின்னறையில் நாற்காலி போட்டேன். இடப்பக்கம் சிவப்பு அணி ரசிகர்களுக்கு, வலப்பக்கம் நீல அணிக்கு. நடுவில் ஒரு ஆள் போகும் வழி. அதுதான் எல்லை.

இந்தக் கூட்டத்தை ஆரம்பித்தவள் அவள். ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்த இருபது பேர், சனிக்கிழமைதோறும், டிவியில் காலை ஏழரை கால்பந்து ஆட்டம். தோற்ற அணியின் ரசிகர்கள் காப்பிக் கோப்பை கழுவ வேண்டும். சமனில் முடிந்தால் கூட்டத்தை நடத்துபவர் கழுவ வேண்டும். அவள் போய் ஐந்து மாதம் ஆகிறது. இப்போது நடத்துபவன் நான். வேலைக்குப் போவதைத் தவிர நான் வெளியே வருவது இதற்கு மட்டும்தான்.

பேக்கரிக்கார அம்மா அறையைச் சும்மாதான் தருகிறார். ஒரே நிபந்தனை, ஒன்பதே முக்காலுக்குக் காலி செய்ய வேண்டும். பத்து மணிக்கு அங்கே யோகா வகுப்பு. போன மாதம் ஒரு ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனதில் ஒருமுறை மீறிவிட்டோம். இன்னொரு முறை நடந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

அன்று சிவப்பும் நீலமும் நேருக்கு நேர். ஏழரைக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள், நீல அணிக்குத் தலைவர் போலிருக்கும் பிளம்பர் அண்ணனைத் தவிர. டிவியைப் போட்டேன். ஒருவர் படகில் உட்கார்ந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார். இருபது பேரும் ஐந்து நிமிடம் அவரைப் பார்த்தோம்.

"இவர் எந்த டீம்?" என்று கேட்டார் சிவப்பு அணி நர்ஸ் அக்கா.

பிறகு அவரே கைப்பேசியில் தேடிக் கண்டுபிடித்தார். போன ஞாயிற்றுக்கிழமை இங்கே கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியிருந்தோம். ஆட்டம் நடக்கும் நாட்டில் தள்ள இன்னும் எட்டு நாள் இருந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை இப்படி ஒரு இடைவெளி வரும். அந்த நாட்களில் ஏழரை ஆட்டம் இங்கே எட்டரைக்கு. நான் வழக்கம்போல் ஏழரை என்று குரூப்பில் போட்டிருந்தேன்.

எட்டு இருபதுக்குப் பிளம்பர் அண்ணன் வந்தார். அவர் குரூப்பைப் படிப்பதே இல்லை. ஆட்ட நேரத்தைத் தானே பார்த்துக்கொண்டு வந்திருந்தார். சரியான நேரத்துக்கு வந்தவர் அவர் ஒருவர்தான்.

கணக்குப் போட்டேன். ஆட்டம் பத்து இருபதுக்கு முடியும். அறை போய்விட்டது.

ஒன்பதே முக்காலுக்கு சிவப்பு ஒரு கோல் முன்னால் இருந்தது. பேக்கரிக்கார அம்மா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரும் திரும்பவில்லை. பத்து மணிக்கு யோகா டீச்சர் எட்டுப் பெண்களோடும் பாய்களோடும் வந்தார். நான் எழுந்து தப்பு என்னுடையது என்றேன். டீச்சர் திரையைப் பார்த்தார், எங்கள் தொப்பைகளைப் பார்த்தார்.

"எங்க நேரத்துல பாக்கறீங்கல்ல, நீங்களும் பண்ணுங்க. சத்தம் வரக்கூடாது. கோல் விழுந்தா மூச்ச மெதுவா வெளிய விடணும்."

டிவியின் ஒலியை அணைத்தோம். இருபத்தொரு ரசிகர்கள் ஒற்றைக் காலில் நின்று மீதி ஆட்டத்தைப் பார்த்தோம். எண்பத்தோராவது நிமிடம் நீலம் சமன் செய்தது. வலப்பக்கம் முழுவதும் நீளமாக மூச்சு விட்டது. பிளம்பர் அண்ணன் அதிகமாக விட்டுவிட்டார்; தள்ளாடிப் போய் நர்ஸ் அக்காவின் மேல் விழுந்தார்.

"எல்லைய தாண்டிட்டீங்க," என்றார் அக்கா, தரையில் கிடந்தபடியே.

ஒன்றுக்கு ஒன்று. கோப்பை என் தலையில்.

கழுவிக்கொண்டிருந்தபோது பேக்கரிக்கார அம்மா வந்தார். அடுத்த வாரமும் ஆட்டம் எட்டரைக்குத்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். டீச்சர் பத்தரைக்கு வருகிறாராம், எங்களில் பாதிப் பேராவது வகுப்புக்கு இருக்க வேண்டுமாம். அறை இருந்தது.

பிளம்பர் அண்ணன் கோப்பைகளைத் துடைக்க வந்தார். அவருக்கு அந்த வேலை இல்லை. இரண்டு கோப்பைகளைத் துடைத்து அடுக்கினார். பிறகு, "தம்பி, கேக்கலாமான்னு தெரியல. அவங்க கடைசியா என்ன சொன்னாங்க?" என்றார்.

வீட்டு ஆட்கள் எல்லோரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றே சொல்லி வந்தேன். அவள் போனது இலையுதிர் காலத்தில், இங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவதற்கு முந்தின வாரம். ஆட்டம் நடக்கும் நாட்டில் ஏற்கெனவே தள்ளிவிட்டார்கள்.

அவள் சொன்னதை அவரிடம் அப்படியே சொன்னேன்.

"இந்த வாரம் எட்டரைக்குப்பா, குரூப்ல போட்டுடு. பிளம்பர் அண்ணனுக்கு மட்டும் போன் பண்ணி சொல்லு, அவர் அதெல்லாம் படிக்கவே மாட்டார்."