மார்ச் முப்பத்தொன்றில் இல்லாத பணம்

வங்கியின் கடன் அனுமதிக் கடிதம் நாற்பத்தொரு பக்கம். யோகேஸ்வரி அதைப் பென்சிலோடு படித்துக்கொண்டிருந்தாள். நிபந்தனை என்று தோன்றிய ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் ஒரு எண் போட்டாள். பதினேழு வந்தது. பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் கம்பெனியின் கணக்கில் ஆதாரம் தேடத் தொடங்கினாள்.

திருத்தங்கலில் அந்த அச்சகத்தின் மாடி அறை எப்போதும் லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும். கீழே பட்டாசுப் பெட்டிகளுக்கான அட்டைகள் ஓடின. சிவப்பு, மஞ்சள், மறுபடி சிவப்பு. மேசையில் இருந்த தண்ணீர் டம்ளருக்குள் சின்னச் சின்ன வட்டங்கள் தோன்றி மறைந்தன. யோகேஸ்வரிக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பது பிடிக்கும். விருதுநகரில் இருந்து மூன்றாவது வருடமாக இந்தத் தணிக்கைக்கு வருகிறாள். முதல் இரண்டு வருடமும் தன் தணிக்கை நிறுவனத்தின் மூத்த கூட்டாளியின் கீழ் வந்தாள். இந்த முறை அறிக்கையில் கையெழுத்து அவளுடையது.

பதினோராவது நிபந்தனை இரண்டே வரி. இயக்குநர்கள் கம்பெனியில் போட்டிருக்கும் மூன்று கோடி ரூபாயை, வங்கிக் கடன் முடியும்வரை வங்கியின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் எடுக்கக் கூடாது. எடுத்தால், அவகாசம் எதுவும் கொடுக்காமல் மொத்தக் கடனையும் உடனே திருப்பிக் கேட்கும் உரிமை வங்கிக்கு உண்டு.

இயக்குநர் கடன் லெட்ஜரைத் திருப்பினாள். பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி, இயக்குநர்களில் ஒருவரான பொன்னுத்தங்கம் பேரில் ஒரு கோடியே இருபது லட்சம் வெளியே போயிருந்தது. விவரம் என்ற இடத்தில் யாரோ ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார்கள்: ஐஸ்வர்யா கல்யாணம்.

அதன்பின் அந்தக் கணக்கில் வரவு எதுவும் இல்லை. மார்ச் முப்பத்தொன்றில் நின்றது ஒரு கோடியே எண்பது லட்சம்.

நிர்வாக இயக்குநர் ராஜபாண்டியன் மேலே வந்தபோது கையில் மை ஒட்டியிருந்தது. அவள் லெட்ஜரையும் கடிதத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

"இது எங்க மதினி பணம் மேடம். மக கல்யாணத்துக்கு எடுத்தாக. மண்டபத்துக்கு நீங்களும் வந்தீகளே, பால் பாயசம் நல்லாருக்குன்னு சொன்னீக."

"சொன்னேன் சார். அது வங்கி தொடக் கூடாதுன்ன பணத்துல வச்ச பாயசமான்னு அப்ப யோசிக்கல."

அவர் சிரித்தார். பிறகு அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். "தவணை ஒண்ணு தப்பலியே. வட்டி ஒரு நாள் பிந்தலியே. பேங்க்கும் பாக்கி இவ்வளவுன்னு உங்களுக்கு நேரா எழுதிக் கொடுத்துட்டாகள்ல?"

"பாக்கி எவ்வளவுன்னுதான் எழுதியிருக்காங்க. நிபந்தனை மீறலைப் பத்தி அதுல ஒரு வார்த்தை இல்ல. மார்ச் முப்பத்தொண்ணு அன்னைக்குப் பேங்க் மொத்தத்தையும் கேட்டிருக்க முடியும். கேட்டாங்களாங்கிறது வேற. கேக்க உரிமை இருந்துச்சு. அப்ப இந்த அஞ்சு கோடியே எழுபத்தாறு லட்சமும் நீண்டகாலக் கடன்ல இருக்க முடியாது. நடப்புக் கடனுக்கு வரணும்."

மொத்தக் கடன் ஏழு கோடியே இருபது லட்சம். ஓராண்டுக்குள் கட்டவேண்டிய தவணை ஒரு கோடியே நாற்பத்துநாலு லட்சம் ஏற்கெனவே நடப்பில்தான் இருந்தது. மீதியும் அங்கே போனால் என்ன ஆகும் என்பதை ராஜபாண்டியன் கால்குலேட்டர் இல்லாமலே போட்டுப் பார்த்துவிட்டார். நடப்புச் சொத்து ஒன்பது கோடியே பத்து லட்சம். நடப்புப் பொறுப்பு ஏழு கோடியே எண்பதிலிருந்து பதின்மூன்று கோடியே ஐம்பத்தாறுக்கு ஏறும். கொடுக்கவேண்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் கையில் அறுபத்தேழு பைசா.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "டெண்டர் போச்சு."

ஓசூரில் ஒரு பிஸ்கட் கம்பெனிக்கு வருடம் முழுவதும் அட்டைப்பெட்டி கொடுக்கும் டெண்டர் அது. தணிக்கை முடிந்த கணக்கு செப்டம்பர் பத்துக்குள் போக வேண்டும். நடப்புச் சொத்து நடப்புப் பொறுப்புக்குக் குறைவாக இருந்தால் உறையைக்கூடப் பிரிக்க மாட்டார்கள். தீபாவளி முடிந்தால் நாலு மாதம் இங்கே மெஷின் சும்மா நிற்கும். கடன் வாங்கிப் புது மெஷின் இறக்கியதே இந்த மாதிரி ஆர்டருக்காகத்தான்.

"நாளைக்கே ஒண்ணே கால் கோடியைப் புரட்டி மதினி கணக்குல போட்டுர்றேன். சரியாப் போச்சுல்லா?"

"நாளைக்குப் போட்டா நாளைக்கு இருக்கும். மார்ச் முப்பத்தொண்ணுல இல்லையே சார்."

"அப்ப வழியே இல்லையா?"

"ஒண்ணு இருக்கு. உங்க கம்பெனில சென்னைப் பெரிய கம்பெனிக்காரங்க பங்கு வாங்கினதால அவங்களோட கணக்கு விதிதான் உங்களுக்கும். இந்த வருஷக் கணக்குக்கு அது என்ன சொல்லுதுன்னா, போர்டு கணக்கை ஒப்புக்கிறதுக்கு முன்னால, இந்த மீறலுக்காகக் கடனைத் திருப்பிக் கேக்க மாட்டோம்னு பேங்க் சம்மதிச்சிருந்தா, நீண்டகாலத்துலயே விடலாம். போர்டு ஒப்புக்கிட்ட அப்புறம் வந்தா உதவாது."

"காதர் பாட்சா சார் நம்ம ஆளு. இப்ப வாங்கித் தாறேன்."

கிளை மேலாளர் காதர் பாட்சாவின் பதில் அன்று மாலையே மின்னஞ்சலில் வந்தது. தற்போது கடனைத் திரும்பக் கேட்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ராஜபாண்டியன் அதை அச்செடுத்து, நல்ல தாளில், பெருமையாகக் கொண்டுவந்தார். யோகேஸ்வரி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"எண்ணம் இல்லன்னா நாளைக்கு வரலாம் சார். கேக்க மாட்டோம்னு இல்ல இதுல."

செப்டம்பர் இரண்டாம் தேதி இருவரும் விருதுநகர் கிளைக்குப் போனார்கள். காதர் பாட்சா நாற்பத்தொரு பக்கக் கடிதத்தின் தன் பிரதியை எடுத்து, பதினோராவது நிபந்தனையைத் தாடையைச் சொறிந்துகொண்டே இரண்டு தடவை படித்தார்.

"இது எனக்கே தெரியாமப் போச்சே ராஜபாண்டியன். கல்யாணத்துக்கு நான் வந்து மொய் எழுதினேன் பாருங்க."

"நீங்க எழுதின மொய்யையும் கணக்குல காட்டணுமா மேடம்?" என்றார் ராஜபாண்டியன்.

காதர் பாட்சா சிரித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "நீங்க கேக்கற மாதிரிக் கடிதம் கிளையில தர எனக்கு அதிகாரம் இல்லம்மா. மதுரை மண்டல அலுவலகம்தான் தரணும். அங்க கேட்டுட்டேன். மன்னிச்சு விடுறோம், மீறலை வச்சுக் கடனைக் கேக்க மாட்டோம், மூணு கோடிங்கிறதை ஒண்ணு எண்பதா மாத்திக்கிறோம்னு சொல்லுதாக. ஆனா போன தடவை கம்பெனி பேருல மட்டும் உறுதி வாங்கினோம். இந்தத் தடவை அந்த அம்மா தன் பேருல தனியா எழுதித் தரணும். மீதி இருக்கிற பணத்தைக் கடன் முடியறவரை தொட மாட்டேன்னு. அது கைக்கு வந்தாத்தான் கடிதம் கிளம்பும்."

கடன் முடிய இன்னும் ஐந்து வருடம் இருந்தது.

மகள் கல்யாணமாகிப் போன பிறகு பொன்னுத்தங்கம் விருதுநகரில் தனியாக இருந்தாள். வீட்டில் கல்யாண வாழைமரம் கட்டிய கயிறு இன்னும் வாசல் தூணில் தொங்கியது. இருவரும் அங்கே போய் விஷயத்தைச் சொன்னதும் அவள் கொழுந்தனாரைத்தான் முதலில் பிடித்தாள்.

"ஏப்பா, என் பணத்தை நான் எடுத்தா பேங்க்காரனுக்கு எங்கன வலிக்கி? உங்க அண்ணன் செத்து ஒம்பது வருசம் அது உன் கம்பெனிலதான கிடந்துச்சு. ஒரு நாள் கேட்டிருப்பனா?"

"மதினி, நீங்களும்தான் அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டீக."

"போட்டேன். பென்சில்ல குறுக்குக் கோடு போட்ட இடத்துல எல்லாம் போட்டேன். நாப்பது இடத்துல போட்டேன். கை வலிச்சுதே தவிர ஒண்ணும் புரியல. நீ படிச்சியா?"

ராஜபாண்டியன் வாசல் தூணில் தொங்கிய கயிற்றைப் பார்த்தார்.

"அவனும் படிக்கல" என்று அவள் யோகேஸ்வரியிடம் சொன்னாள். "நீ படிச்சியாம்மா?"

"நான் படிச்சேங்கம்மா. அதனாலதான் இந்தத் தொல்லை."

பொன்னுத்தங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்து வைத்தாள். பிறகு ராஜபாண்டியன் கொண்டுவந்திருந்த வங்கியின் உறுதிப் பத்திரத்தை யோகேஸ்வரி கையில் கொடுத்தாள். "தமிழ்ல சொல்லு. ஒரு வரி விடாம."

"சொல்றேன். ஆனா கையெழுத்துப் போடுங்கன்னோ போடாதீங்கன்னோ நான் சொல்லக் கூடாது. கணக்குத் தணிக்கை பண்றவ நான்."

"அதை நான் பாத்துக்கிடுதேன்."

ஆறு பக்கம். யோகேஸ்வரி மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனாள். தெருவில் கொத்தமல்லி மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று போனது, வாசனை அறைக்குள் வந்து கொஞ்ச நேரம் தங்கியது. நாலாம் பக்கத்தில் பொன்னுத்தங்கம் நிறுத்தினாள்.

"அப்ப நாளைக்கே எனக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும் எடுக்க முடியாது?"

"வங்கி எழுத்துல ஒத்துக்கிட்டா எடுக்கலாம். இல்லன்னா முடியாது."

"ஐஸ்வர்யாவோட கோயம்புத்தூர்ல போய் வீடு வாங்கி இருக்கலாம்னு பாத்தேன்" என்றாள் அவள், யாரிடமும் இல்லாமல். மாடத்தில் இருந்த கணவரின் படத்தை அவள் பார்க்கவில்லை. தன் இரு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜபாண்டியன் வாயைத் திறந்தார். "மதினி, உங்களைக் கஷ்டப்படுத்தி ஒண்ணும் வேண்டாம். டெண்டர் அடுத்த வருசமும் வரும்."

"தீபாவளி முடிஞ்சா எம்புட்டுப் பேர நிறுத்துவே?"

"அறுவது பேரு."

"போன வருசம்?"

"அம்புட்டுத்தான்."

அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். "போடுதேன். ஆனா ஒண்ணு. பத்து லட்சத்துக்கு மேல எந்தச் செக்குக்கும் இனி என் கையெழுத்தும் வேணும். வாரம் ரெண்டு நாள் கம்பெனிக்கு வருவேன். என் பணம் அஞ்சு வருசம் அங்கன சிறை இருக்கப்போகுது. போய்ப் பாத்துட்டு வர வேண்டாமா?"

ராஜபாண்டியன் தலையாட்டினார். அவர் முகத்தில் நிம்மதியும் லேசான பயமும் சேர்ந்து வந்தன.

மண்டல அலுவலகக் கடிதம் செப்டம்பர் ஒன்பதாம் தேதி காலையில் கிளைக்கு வந்தது. யோகேஸ்வரி வங்கியின் பிரதியைத் தனக்கு நேராக அனுப்பச் சொல்லியிருந்தாள். கையெழுத்துப் போட்டவருக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா என்று மதுரைக்குப் போன் செய்து கேட்டாள். தேதியைப் பார்த்தாள். பிப்ரவரியில் எடுத்த பணத்தைக் குறிப்பிட்டு, அந்த மீறலுக்காகக் கடனைத் திரும்பக் கேட்பதில்லை என்று அது நேராகச் சொன்னது. வேறு நிபந்தனை எதுவும் அதில் தொங்கவில்லை. மற்ற பதினாறு நிபந்தனைகளையும் ஒருமுறை சரிபார்த்த பிறகு கடிதத்தைக் கோப்பில் வைத்தாள்.

மாலை நாலு மணிக்கு அச்சகத்தின் மாடியில் போர்டு கூடியது. சென்னைக்காரர்களின் இயக்குநர் திரையில் இருந்தார். அவர் வங்கிக் கடிதத்தை மின்னஞ்சலில் வாங்கிப் படித்துவிட்டு, மீறல் நடந்ததையும் வங்கி விட்டுக்கொடுத்ததையும் குறிப்பில் எழுதியாயிற்றா என்று கேட்டார். எழுதியாயிற்று. கணக்கை ஒப்புக்கொண்டார்கள். அதன் பிறகுதான் யோகேஸ்வரி தன் அறிக்கையில் கையெழுத்திட்டாள். ஐந்து கோடியே எழுபத்தாறு லட்சம் இருந்த இடத்திலேயே இருந்தது.

ராஜபாண்டியன் கணக்கை ஓசூருக்கு அனுப்பக் கீழே ஓடினார். பொன்னுத்தங்கம் போகவில்லை. தைத்த பிரதியை முன்னால் இழுத்து, விரலால் வரி வரியாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இத்தனை பக்கத்துல என் பேரையே காணோமே?"

யோகேஸ்வரி அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பினாள். உறவினர்களோடு நடந்த கொடுக்கல் வாங்கல் குறிப்பு. பெயர், எடுத்தது, மீதி.

பொன்னுத்தங்கம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்த வரியை முழுசாக, எண்களையும் விடாமல், உரக்கப் படித்தாள்.